510-க்கு 28, 430-க்கு 10... உங்கள் ஆவரேஜ் 470 இல்லை! இரண்டு தடவை வாங்கிய பங்கின் சராசரி விலைக் கணக்கு

ஒரு பங்கை ரூ.510-க்கு வாங்கினீர்கள். விலை இறங்கியது. அதே பங்கை ரூ.430-க்கு இன்னும் கொஞ்சம் வாங்கினீர்கள். இப்போது உங்கள் கையில் இருக்கும் பங்கின் சராசரி விலை என்ன?

"510-உம் 430-உம் 940, பாதி 470" என்று மனசு சட்டென்று சொல்லும். பெரும்பாலும் அது தப்பு. அந்தத் தப்பான எண்ணை நம்பி ரூ.475-க்கு விற்றால், லாபம் என்று நினைத்துக்கொண்டே நஷ்டத்தில் விற்றிருப்பீர்கள். அதைவிட வேடிக்கை, அந்த நஷ்டத்துக்கு மேல் வரியும் கட்ட வேண்டி வரலாம். எப்படி? நம்ம ஊர்ப் பக்கத்துப் பங்கு ஒன்றை வைத்தே பார்ப்போம்.

நம்ம ஊர் ஐபிஓ

தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்து ஊர் தூத்துக்குடி. 1986 வரை அது திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கே 1921-இல் 'நாடார் வங்கி'யாக ஆரம்பித்து, 1962-இல் பெயர் மாறியதுதான் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. நெல்லைப் பக்கம் 'டிஎம்பி' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்த வங்கி 2022 செப்டம்பரில் ஐபிஓ கொண்டுவந்தது. செப்டம்பர் 5 முதல் 7 வரை விண்ணப்பம், 15-ஆம் தேதி சந்தையில் பட்டியல். "நம்ம பேங்க்தானே" என்று முதல்முறையாக டீமேட் கணக்கு திறந்தவர்கள் பலர்.

விலை வரம்பு ரூ.500 முதல் ரூ.525 வரை. ஒரு லாட்டுக்கு 28 பங்குகள். கடைசியில் முடிவான விலை ரூ.510.

இனி, கணக்குக்காக ஒரு ஆளை நாமே உருவாக்கிக்கொள்வோம். பாளையங்கோட்டைப் பையன், சென்னையில் ஐடி வேலை. அப்பா ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். பையனுக்கு ஐபிஓவில் ஒரு லாட், அதாவது 28 பங்கு கிடைத்தது. பட்டியலான பிறகு பங்கு, ஐபிஓ விலைக்குக் கீழே இறங்கியது. அவன் ரூ.430-க்கு மேலும் 10 பங்கு வாங்கினான். (510-உம் 28-உம் நிஜ எண்கள். 430-உம் இனி வரும் மற்ற விலைகளும் கணக்கு எளிதாக இருக்க நாம் எடுத்துக்கொண்டவை.)

முதல் குழப்பம்: 525-ஆ, 510-ஆ?

ஐபிஓவுக்கு விண்ணப்பிக்கும்போது வரம்பின் மேல் விலைக்குத்தான் வங்கிக் கணக்கில் பணம் முடக்கப்படும். 28 × 525 = ரூ.14,700. நம்ம பையனுக்கு வந்த எஸ்எம்எஸ்ஸில் இருந்ததும் இந்தத் தொகைதான். மனசில் பதிந்ததும் அதுதான்.

ஆனால் விலை ரூ.510 என்று முடிவானதால், கணக்கிலிருந்து போனது 28 × 510 = ரூ.14,280 மட்டுமே. மிச்சம் ரூ.420 முடக்கம் நீங்கி அவன் கணக்கிலேயே நின்றது. முடக்கிய தொகை வேறு, வாங்கிய விலை வேறு. சராசரிக் கணக்குக்குள் போக வேண்டியது கையை விட்டுப் போன பணம் மட்டும்தான்.

இது ஏன் முக்கியம் என்றால், சில ஆப்களில் ஐபிஓ வழியாக வந்த பங்குக்கு வாங்கிய விலை தானாக ஏறாது. `Avg. cost` என்ற இடம் காலியாக இருக்கும், நாமே டைப் செய்ய வேண்டும். அங்கே ஞாபகத்தில் இருக்கும் 525-ஐப் போட்டுவிட்டால், அதற்கப்புறம் ஆப் காட்டும் எல்லா எண்ணும் தப்பாகத்தான் இருக்கும். ஆப்பைக் குறை சொல்ல முடியாது. நாம் கொடுத்ததை வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது.

அப்பா சொன்ன பருப்புக் கணக்கு

பையன் ஊருக்கு வந்திருந்த நேரம். பங்கு விலை ரூ.475. "எப்பா, என் ஆவரேஜ் 470. இப்ப வித்தா ஒரு ஷேருக்கு அஞ்சு ரூபா லாபம்" என்றான். கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தன வாங்குன?"

"510-க்கு 28, 430-க்கு 10."

"அப்ப எப்படில 470 வரும்? ரெண்டு ரேட்டையும் கூட்டிப் பாதியாக்கணும்னா, ரெண்டு தடவையும் ஒரே எடை வாங்கியிருக்கணும்லா?"

அவர் தன் சரக்கை வைத்தே சொன்னார். கிலோ ரூ.160-க்கு 50 கிலோ துவரம் பருப்பு வாங்கியாயிற்று. விலை இறங்கியதும் ரூ.120-க்கு 10 கிலோ வாங்கிக் கலந்தாயிற்று. கொள்முதல் ரூ.140 என்று நினைத்து ரூ.145-க்கு விற்றால் என்ன ஆகும்? போட்ட பணம் 8,000 + 1,200 = ரூ.9,200. வந்த பணம் 60 × 145 = ரூ.8,700. கையிலிருந்து ரூ.500 போச்சு. உண்மையான கொள்முதல் 9,200-ஐ 60-ஆல் வகுத்தால் வருவது, கிலோவுக்கு ரூ.153.33. மூட்டையில் முக்கால்வாசிக்கு மேல் பழைய விலைச் சரக்கு. அதனால் சராசரியும் பழைய விலைப் பக்கமே சாய்ந்து நிற்கிறது.

பங்கிலும் அதே கதைதான்.

முதல் லாட்: 28 × 510 = ரூ.14,280
இரண்டாவது: 10 × 430 = ரூ.4,300
மொத்தப் பணம்: ரூ.18,580
மொத்தப் பங்குகள்: 38
சராசரி: 18,580 ÷ 38 = ரூ.488.95

விலைகளைக் கூட்டி வகுக்கக் கூடாது. பணத்தைக் கூட்டி, பங்கின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். கணக்கு இவ்வளவுதான்.

470 என்ற எண்ணை நம்பி 38 பங்கையும் ரூ.475-க்கு விற்றிருந்தால், கைக்கு வருவது ரூ.18,050. போட்டது ரூ.18,580. "ரூ.190 லாபம்" என்று நினைத்த இடத்தில் ரூ.530 நஷ்டம். ஐபிஓ விலையை 525 என்று டைப் செய்திருந்தால் சராசரி சரியாக ரூ.500 என்று வந்திருக்கும். அதுவும் தப்பு, வேறு திசையில். ரூ.495-க்கு லாபத்தில் விற்கக்கூடியதை நஷ்டம் என்று நினைத்து வைத்துக்கொண்டே இருந்திருப்பான்.

விடை சரியா என்று பேப்பர் இல்லாமலே பார்க்க ஒரு வழி உண்டு. சராசரி எப்போதும் இரண்டு விலைக்கும் நடுவில்தான் இருக்கும், அதிகப் பங்கு எந்த விலையில் வாங்கினோமோ அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். 28 பங்கு ரூ.510-இல் இருப்பதால் விடை 470-க்கு மேலே 510-ஐ நோக்கி இருந்தாக வேண்டும். சரிபாதி 470 வருவது, இரண்டாவது தடவையும் 28 பங்கே வாங்கினால் மட்டும்தான்.

மூன்று நான்கு தடவை வாங்கியிருந்தாலும் முறை இதுதான். ஸ்ப்ரெட்ஷீட்டில் B பத்தியில் எண்ணிக்கையும், C பத்தியில் விலையும் போட்டு இதை எழுதினால் போதும்:

```
=SUMPRODUCT(B2:B5,C2:C5)/SUM(B2:B5)
```

'ஆவரேஜ் பண்ணி' எவ்வளவு இறக்க முடியும்?

"விலை இறங்கினா வாங்கி ஆவரேஜ் பண்ணு" என்பது ஆபீஸ் கேன்டீனில் அடிக்கடி கேட்கும் அறிவுரை. அதற்கு எவ்வளவு பணம் வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை.

நம்ம பையன் கையில் இருந்த 28 பங்கின் விலை ரூ.510. இப்போது சந்தை விலை ரூ.430. சராசரியை ரூ.470-க்குக் கொண்டுவர இன்னொரு 28 பங்கு வேண்டும், ரூ.12,040 செலவு. ரூ.450-க்குக் கொண்டுவர 84 பங்கு, ரூ.36,120. ரூ.440-க்குக் கொண்டுவர 196 பங்கு, ரூ.84,280. ரூ.430-க்கே கொண்டுவர? எவ்வளவு வாங்கினாலும் வராது. 430-ஐ நெருங்கும், தொடாது.

முதல் 40 ரூபாய் இறக்க பன்னிரண்டாயிரம் போதுமாக இருந்தது. கடைசிப் பத்து ரூபாயை இறக்க, அதாவது 450-இலிருந்து 440-க்கு வர மட்டும் கூடுதலாக ரூ.48,160 வேண்டும். சராசரி கீழே போகப்போக ஒவ்வொரு ரூபாய்க்கும் விலை ஏறுகிறது.

எத்தனை பங்கு வேண்டும் என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். பழைய விலையிலிருந்து உங்கள் இலக்கைக் கழியுங்கள். இலக்கிலிருந்து இன்றைய விலையைக் கழியுங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுத்து, கையில் இருக்கும் பங்கின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். இலக்கு 450 என்றால் 60-ஐ 20-ஆல் வகுத்தால் 3; 28 × 3 = 84.

நஷ்டம் குறைந்ததா, பரவியதா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஆப்பில் சிவப்பு எண் சின்னதாகும்போது நஷ்டமே குறைந்த மாதிரி ஒரு நிம்மதி வருகிறது.

விலை ரூ.430-இல் நிற்கும்போது, 28 பங்கில் நஷ்டம் பங்குக்கு ரூ.80 வீதம் ரூ.2,240. சதவீதத்தில் 15.7. இப்போது அதே விலையில் 10 பங்கு வாங்கியதும் சராசரி ரூ.488.95 ஆகிறது. பங்குக்கு நஷ்டம் ரூ.58.95. சதவீதம் 12-க்கு இறங்குகிறது. ஆனால் 58.95-ஐ 38-ஆல் பெருக்கிப் பாருங்கள், ரூ.2,240 தான் வரும். ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. 196 பங்கு வாங்கி சராசரியை 440-க்குக் கொண்டுவந்தாலும் பங்குக்கு ரூ.10 வீதம் 224 பங்குக்கு அதே ரூ.2,240. ஆப்பில் மட்டும் 2.3% என்று அழகாகத் தெரியும்.

நஷ்டம் குறையவில்லை, அதிகப் பங்குகள் மேல் மெலிதாகப் பரவியிருக்கிறது. மாறியது வேறு ஒன்று. விலை இன்னும் பத்து ரூபாய் இறங்கினால், 28 பங்கு மட்டும் வைத்திருப்பவருக்குக் கூடுதல் நஷ்டம் ரூ.280. 224 பங்கு வைத்திருப்பவருக்கு ரூ.2,240, அதாவது ஒரே பத்து ரூபாய் இறக்கத்தில் நஷ்டம் இரட்டிப்பு. விலை ஏறினால் அவர் சீக்கிரம் வெளியே வருவார், அதுவும் உண்மைதான். ஆனால் ஏறுமா இறங்குமா என்பதை சராசரி விலை சொல்லாது. நீங்கள் எந்த விலைக்கு வாங்கினீர்கள் என்று சந்தைக்குத் தெரியவும் தெரியாது.

அதனால் இரண்டாவது தடவை வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, "என் ஆவரேஜ் எவ்வளவு இறங்கும்?" என்பதல்ல. "இந்தப் பங்கு என்னிடம் இல்லாவிட்டாலும், இன்றைக்கு 430 கொடுத்து வாங்குவேனா?" என்பதுதான்.

488.95-க்கு விற்றால் கணக்கு நேராகுமா?

ஆகாது, கொஞ்சம் குறையும். சந்தையில் வாங்கும்போதும் விற்கும்போதும் எஸ்டிடி எனப்படும் பங்குப் பரிவர்த்தனை வரி 0.1% பிடிக்கப்படும். வாங்கும்போது முத்திரைக் கட்டணம் 0.015%. விற்கும்போது டீமேட்டிலிருந்து பங்கு வெளியே போவதற்கு ஒரு கட்டணம், பெரும்பாலும் பத்து இருபது ரூபாய். இதற்கு மேல் உங்கள் புரோக்கரின் கமிஷன் இருந்தால் அதுவும். ஐபிஓவில் வந்த 28 பங்குக்கு வாங்கும்போது இந்தச் செலவுகள் இல்லை.

கமிஷன் இல்லாத புரோக்கர் என்று வைத்துக்கொண்டாலும், நம்ம பையன் கைக்காசு இழக்காமல் வெளியே வர பங்குக்கு ரூ.490-ஐ ஒட்டி விற்க வேண்டும். ஒரு ரூபாய் வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் டீமேட் கட்டணம் எத்தனை பங்கு விற்றாலும் ஒரே தொகை. ஐந்து பங்கு மட்டும் விற்றால் பங்குக்கு மூன்று நான்கு ரூபாய் அதிலேயே போய்விடும்.

கொஞ்சம் விற்றதும் ஆவரேஜ் மாறிவிட்டதே?

நம்ம பையன் 38-இல் 28 பங்கை மட்டும் ரூ.475-க்கு விற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 10. அவற்றின் சராசரி என்ன?

பள்ளிக்கூடக் கணக்குப்படி, விற்பதால் சராசரி மாறாது. கலந்த பருப்பிலிருந்து எவ்வளவு அள்ளி விற்றாலும், மிச்சப் பருப்பின் கொள்முதல் கிலோ ரூ.153.33 தான். ஆனால் மறுநாள் ஆப்பைத் திறந்தால் பல ஆப்களில் சராசரி ரூ.430 என்று காட்டும். "என்னல இது, கணக்கு தப்பா?" என்று பதற வேண்டாம்.

டீமேட் பங்குகளுக்கு வருமான வரிச் சட்டம் கலந்த பருப்புக் கணக்கை ஏற்பதில்லை. முதலில் வந்தது முதலில் போகும் என்பதுதான் அங்கே விதி. ரேஷன் கடை வரிசை மாதிரி. முதலில் டீமேட்டுக்குள் வந்த 28 பங்கு, அதாவது ரூ.510-க்கு வந்தவைதான் முதலில் விற்றதாகக் கணக்கு. மிச்சம் இருப்பது ரூ.430-க்கு வாங்கிய 10 பங்கு. பல ஆப்கள் இதே முறையைப் பின்பற்றுவதால்தான் எண் மாறுகிறது.

அப்படிப் பார்த்தால், விற்ற 28 பங்கில் பங்குக்கு ரூ.35 வீதம் ரூ.980 நஷ்டம். மிச்சம் 10 பங்கு, ரூ.475 விலையில், பங்குக்கு ரூ.45 வீதம் ரூ.450 லாபத்தில் நிற்கிறது. 980-இலிருந்து 450-ஐக் கழித்தால் ரூ.530. மொத்தமாக விற்றபோது வந்த அதே நஷ்டம். இரண்டு முறையிலும் மொத்தத் தொகை ஒன்றுதான், எந்தப் பங்குக்கு எவ்வளவு என்ற பிரிப்பு மட்டும் வேறு.

பிரிப்புதானே என்று விட்டுவிட முடியாது. வரி அந்தப் பிரிப்பைத்தான் பார்க்கிறது.

530 ரூபாய் நஷ்டம், ஆனாலும் வரி!

பட்டியலிடப்பட்ட பங்கை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்டகால மூலதன ஆதாயம் அல்லது நஷ்டம். அதற்குள் விற்றால் குறுகியகாலம். 2024 ஜூலை 23 முதல் குறுகியகால லாபத்துக்கு வரி 20%. நீண்டகால லாபத்துக்கு, ஆண்டுக்கு ரூ.1.25 லட்சத்தைத் தாண்டும் தொகைக்கு மட்டும் 12.5%.

நம்ம பையன் விற்கும் நாளில் முதல் 28 பங்கு வந்து 12 மாதம் தாண்டிவிட்டது, பின்னால் வாங்கிய 10 பங்குக்கு 12 மாதம் ஆகவில்லை என்று வைத்துக்கொள்வோம். 38-ஐயும் ஒரே நாளில் ரூ.475-க்கு விற்கிறான். இன்றைய விகிதப்படி என்ன ஆகும்?

28 பங்கில் வந்த ரூ.980, நீண்டகால நஷ்டம். 10 பங்கில் வந்த ரூ.450, குறுகியகால லாபம். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று தோன்றும். ஆனால் விதி அனுமதிக்காது. நீண்டகால நஷ்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டும்தான் கழிக்க முடியும். குறுகியகால லாபத்தில் கழிக்க முடியாது.

ஆக, அந்த ரூ.450-க்கு 20% வரி ரூ.90, அதன் மேல் செஸ். மொத்தத்தில் ரூ.530 நஷ்டப்பட்ட ஆள், அதற்கு மேல் வரியும் கட்டுகிறான். ரூ.980 நஷ்டம் வீணாகப் போகாது. வருமான வரிக் கணக்கைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால் எட்டு ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் சென்று, பின்னால் வரும் நீண்டகால லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். தாக்கல் செய்யத் தவறினால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

இந்த 90 ரூபாயைத் தவிர்த்திருக்க முடியுமா? முடியும். பின்னால் வாங்கிய 10 பங்கும் 12 மாதம் தாண்டும் வரை காத்திருந்தால், அதன் லாபமும் நீண்டகாலமாகி, ரூ.980 நஷ்டத்தில் அடங்கிவிடும். வரி இல்லை. காத்திருக்கும் நாட்களில் விலை எப்படி நகரும் என்ற ஆபத்து தனி. ஆனால் இரண்டு வாரம்தான் பாக்கி என்றால் தேதியைப் பார்த்துவிட்டு விற்பது நல்லது. எண்களுக்குப் பின்னால் இரண்டு பூஜ்யம் சேர்த்துப் பாருங்கள். 90 ரூபாய், 9,000 ரூபாய் ஆகிவிடும்.

ஆப் காட்டும் ரூ.488.95 என்ற சராசரி இந்த இடத்தில் ஒன்றுக்கும் உதவாது. அதில் தேதி இல்லை. வரிக்குத் தேவை லாட் வாரியான விலையும் தேதியும். இரண்டு டீமேட் கணக்கு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'முதலில் வந்தது முதலில்' என்ற வரிசை ஒவ்வொரு டீமேட் கணக்குக்கும் தனித்தனிதான்.

போனஸ் வந்தால்?

பணம் போடாமல் பங்கு மட்டும் கூடினால் சராசரி தானாக இறங்கும். போனஸ் அப்படித்தான். டிஎம்பியே இதற்கு ஒரு பெரிய உதாரணம். சந்தைக்கு வருவதற்கு முன், ஒரு பங்குக்கு 500 போனஸ் பங்குகள் கொடுத்த வங்கி அது. தாத்தா காலத்துப் பங்கு ஒன்று வைத்திருந்த குடும்பத்தில் அது 501 ஆனது. அன்று கொடுத்த விலையை 501-ஆல் வகுத்தால்தான் இன்றைய சராசரி. அதை மறந்து பழைய விலையை இன்றைய விலையோடு ஒப்பிட்டால், பெரிய லாபத்தைப் பெரிய நஷ்டமாகப் படிக்க நேரும். போனஸ் பங்குக்கு வரிக் கணக்கில் தனி விதிகள் இருப்பதால், அப்படிப்பட்ட பழைய பங்கை விற்கும் முன் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

எழுதி வைக்க வேண்டியது என்ன?

அப்பா கடையில் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கிறது. சரக்கு வந்த தேதி, எடை, கொடுத்த பணம் என்று மூன்று பத்தி. சராசரி என்று தனியாக ஒரு பத்தி அவர் போடுவதில்லை. "அத எப்ப வேணும்னாலும் போட்டுக்கலாம்லா" என்கிறார்.

உங்கள் பங்குக்கும் அதே மூன்று பத்தி போதும். வாங்கிய தேதி, எண்ணிக்கை, கட்டணம் உட்படக் கையை விட்டுப் போன பணம். சராசரியை அதிலிருந்து அரை நிமிடத்தில் எடுத்துவிடலாம். சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு அந்த மூன்றையும் திரும்ப எடுக்க முடியாது.

நம்ம பையன் அன்றைக்கு விற்கவில்லை. போனில் ஒரு ஷீட் திறந்து இரண்டு வரி எழுதினான்: 28, 14,280. 10, 4,300. தேதியைத் தேட மெயிலைப் புரட்ட வேண்டியிருந்தது.

(இந்தக் கட்டுரை கணக்கை விளக்குவதற்கு மட்டுமே. எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ இது பரிந்துரை அல்ல.)